நூற்று இருபத்தேழு முகவரிகள்

ராஜவேலு கட்ட வேண்டியது எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். அந்தக் கணக்கு அவருக்கே தெரியாது. எண்பத்து மூவாயிரம் என்றுதான் மனசில் வைத்திருந்தார். மேலே உள்ள அறுநூற்று நாற்பதைச் சொன்னவன் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வெளியூர்க்காரன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. சுண்ணாம்புக்குளம் ஊரின் ஏரிக்கரையில் படகுகள் வந்து சேரும் நேரம். பெண்கள் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் பைக்கை மணலில் சாய்த்துவிட்டு வந்து கேட்டான்.

"இங்க ராஜவேலு ரெண்டு யாருங்க?"

கரையே சிரித்தது. அந்த ஊரில் ராஜவேலுக்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஒருத்தர் கோணவாய் ராஜவேலு. இன்னொருத்தர் நீளக்காலால் சேற்றில் பார்த்துப் பார்த்து நடப்பதால் கொக்கு ராஜவேலு. ஒன்று, இரண்டு என்று பிறந்த நாளிலிருந்து யாரையும் யாரும் கூப்பிட்டதில்லை.

"இன்னாபா, ரேஷன் கடை டோக்கனா?" என்றான் அர்ஜுனன். பக்கத்துப் படகுக்காரன், ராஜவேலுவை மாமா என்று கூப்பிடுகிறவன். "ஒண்ணாம் நம்பரு அதோ தலையில துண்டு. ரெண்டாம் நம்பரு இதோ நிக்கிது, நல்லா அளந்து எடுத்துக்கோ."

வெளியூர்க்காரன் சிரிக்கவில்லை. கொக்கு ராஜவேலுவைத் தனியாகக் கூட்டிப்போனான். படகு மறைவில் நின்று மெதுவாகப் பேசினான். கடன் எவ்வளவு, எந்த மாதம் தவறியது, நேற்றுச் சாயந்திரம் ஏறிய அபராதம் எவ்வளவு, எல்லாம் சொன்னான். "நான் மொத்தத்தையும் அடைக்கிறேன் பெரியவரே. கரையோரத்துல இருக்கிற உங்க வூட்டுப் பட்டாவ எம் பேருக்கு எழுதிக் குடுங்க. குடியிருந்துக்கோங்க, யாரு வேணாங்கறா. திங்கக்கிழமை பத்திரத்தோட வர்றேன். இல்லன்னா வக்கீல் நோட்டீசு வரும், அப்போ வூடும் போவும் மானமும் போவும்."

ராஜவேலு தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அவர் மனைவி பச்சையம்மா இதைச் சொல்லி முடித்தபோது மகள் வைஷ்ணவி கையில் இட்லித் தட்டோடு நின்றிருந்தாள். கடன் இருக்கிறது என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். போன புயலில் எஞ்சின் போனதும், புது எஞ்சினும் வலையும் வாங்கியதும் தெரியும். சீட்டுப் பணத்தில் வாங்கினேன் என்று நைனா சொல்லியிருந்தார்.

"எங்க வாங்குன நைனா?"

"எளாவூர்ல ஒரு பைனான்ஸ்மா. செக்போஸ்ட் தாண்டி."

எளாவூரில் செக்போஸ்ட் தாண்டி இருக்கும் பைனான்ஸ் ஒன்றுதான். அதன் வெப்சைட்டைக் கட்டியது அவள்தான்.

"அந்த ஆளு உன்ன எப்பிடிக் கூப்ட்டான்? இன்னொரு தபா சொல்லு."

"ராஜவேலு ரெண்டுன்னான். கிறுக்கன் மாதிரி."

வைஷ்ணவி தட்டைக் கீழே வைத்தாள். இந்த உலகத்தில் அவளுடைய அப்பாவை ராஜவேலு இரண்டு என்று சொல்லக்கூடிய இடம் ஒன்றே ஒன்று இருந்தது. ஒரே பேரில், ஒரே ஊரில் இரண்டாவதாக ஒரு பக்கம் உண்டானால், முகவரி முட்டிக்கொள்ளாமல் இருக்கக் கம்ப்யூட்டர் தானாகவே கடைசியில் ஒரு இரண்டைப் போட்டுக்கொள்ளும். அந்த இரண்டு ஊர்க்காரன் வாயில் வராது. முகவரியைப் பார்த்துப் படிக்கிறவன் வாயில்தான் வரும்.

ஆரம்பாக்கத்தில் ரயில் நிலையத்துக்குப் போகும் தெருவில், ஒரு மொபைல் கடைக்கு மேலே மாடியில் இருந்தது மோகன்குமாரின் கடை. கல்யாணப் பத்திரிகை, ஆதார் திருத்தம், கம்பெனிகளுக்கு வெப்சைட், எல்லாம் அங்கே நடக்கும். வைஷ்ணவி நான்கு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள். எளாவூர் பைனான்ஸின் சைட்டும் அந்தக் கடை வாடகைக்கு எடுத்த சர்வரில்தான் ஓடியது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவள் இரண்டு மாதம் முன்னால் நடந்ததை நினைத்துப் பார்த்தாள். அப்போது சைட்டின் முகப்பிலேயே 'நிலுவைதாரர்கள்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதைத் தொட்டால் ஒரு பட்டியல் திறக்கும். பட்டியலில் ஒவ்வொரு பேருக்கும் ஒரு பக்கம்: போட்டோ, ஊர், கடன் பாக்கி, தவறிய தவணை. வசூலுக்குப் போகிறவர்கள் போனில் பார்த்துக்கொள்ள என்று மேனேஜர் ஜெகதீஸ்வரன் கேட்டுச் செய்தது. பிராஞ்சில் கணக்குத் தாளை ஏற்றினால் பக்கங்கள் தாமாக உண்டாகும், தாமாகத் திருத்திக்கொள்ளும். அதனால் உள்ளே யார் யார் பேர் இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. பிறகு ராஜம்மா என்று ஒரு பெண் தன் போட்டோவைப் பார்த்துவிட்டு பிராஞ்சு வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றினாள். அன்று மத்தியானமே ஜெகதீஸ்வரன் போன் செய்தார். "அந்தப் பொத்தான எடுத்துடும்மா. பட்டியலையும் எடுத்துடு. ஒவ்வொரு ஆளு பக்கமும் இருக்கட்டும், எங்க பசங்களுக்கு அட்ரஸ் வாட்ஸப்புல போவுது. கூகுள்ல தேடுனா மட்டும் வரக்கூடாது."

அவள் அப்படியே செய்தாள். பொத்தானை எடுத்தாள், பட்டியலை எடுத்தாள், ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் தேடலில் காட்டாதே என்று ஒரு வரி எழுதினாள். கடைசியாக சைட்மேப்புக்கு வந்தாள். ஒரு சைட்டில் இருக்கும் முகவரிகளையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கும் கோப்பு அது. மனுஷர்கள் படிக்க இல்லை. கூகுள் மாதிரியான கம்பெனிகளின் ப்ரோகிராம்கள் வந்து படித்து, இங்கே இன்ன இன்ன பக்கம் இருக்கிறது, இது இந்தத் தேதியில் மாறியது என்று தெரிந்துகொள்ள. மறைக்க நினைக்கும் பக்கத்தை அதில் எழுதி வைப்பது முறையில்லை. அதைத்தான் அவள் கேட்டாள்.

"மேப்புலேர்ந்தும் எடுத்துடறேன் சார்."

"மேப்ப தொடாதேம்மா. அதுல கை வெச்சா நம்ம சைட்டு கீழ எறங்கிடும்னு ஒருத்தர் சொன்னாரு."

அப்படியெல்லாம் இறங்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் பணம் கொடுக்கிறவர் சொல்கிறார், நமக்கென்ன என்று விட்டுவிட்டாள்.

மாடிக்குப் போனதும் அவள் இரண்டு வேலை செய்தாள்.

முதலில் ஒரு சின்ன ப்ரோகிராமை முகப்பிலிருந்து அவிழ்த்துவிட்டாள். அது புதிதாக வந்த ஆள் மாதிரி. ஒரு பக்கத்துக்குள் போகும், அங்கே இருக்கும் இணைப்புகளைத் தொட்டு அடுத்த பக்கம் போகும், இணைப்பு இல்லாத இடத்துக்கு அதற்குப் போகத் தெரியாது. போய்ச் சுற்றிவிட்டுப் பதினான்கு பக்கம் என்று வந்து நின்றது. எங்களைப் பற்றி, கடன் வகைகள், தொடர்புக்கு, இப்படிப் பதினான்கு.

பிறகு சைட்மேப்பைத் திறந்து எண்ணினாள். நூற்று இருபத்தேழு.

இரண்டையும் கழித்தால் நூற்றுப் பதின்மூன்று. எந்த வாசலிலிருந்தும் வழி இல்லாத நூற்றுப் பதின்மூன்று பக்கங்கள். வழி இல்லை, ஆனால் விலாசம் எழுதித் தொங்கவிட்டிருக்கிறது. ராஜம்மா மாதிரி ஒரு பெண் இனிமேல் முகப்பில் எத்தனை தடவை தேடிப் பார்த்தாலும் தன் போட்டோவைப் பார்க்க மாட்டாள். ஊரில் ஒருத்தர் கண்ணுக்கும் படாது. மேப்பைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மட்டும் அது அப்படியே கிடக்கும்.

அவள் பேர்களைப் படித்துக்கொண்டே கீழே வந்தாள். ஆறாவது வரியில் சுண்ணாம்புக்குளம் அர்ஜுனன். எண்பத்தெட்டாவதில் ராஜவேலு. எண்பத்தொன்பதாவதில் ராஜவேலு இரண்டு. பக்கத்தில் மாறிய தேதி: நேற்று, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தரை.

திறந்தாள். நைனாவின் போட்டோ. எதிரில் விளக்கு அடித்ததில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பது.

அடுத்து சர்வரின் பதிவேட்டை எடுத்தாள். சைட்டுக்கு யார் வந்தாலும், எந்த நேரத்தில் எந்த முகவரியைக் கேட்டார்கள் என்று அதில் ஒரு வரி விழும். எந்தப் பக்கத்திலிருந்து இணைப்பைத் தொட்டு வந்தார்கள் என்பதும் பெரும்பாலும் விழும். கூகுளின் ப்ரோகிராம் வந்த வரிகளை ஒதுக்கினாள். வசூல் பையன்கள் போனிலிருந்து வந்த வரிகளை ஒதுக்கினாள். ஒன்று மிச்சம் இருந்தது.

தினமும் விடியற்காலை நாலு பத்துக்கு ஒருத்தன் வந்திருக்கிறான். முகப்புக்கு ஒருநாளும் போனதில்லை. நேரே சைட்மேப். முதல் நாள் மட்டும் நூற்றுப் பதின்மூன்று பக்கத்தையும் மேப்பில் இருக்கும் அதே வரிசையில், நொடிக்கு ஒன்றாக, இழுத்திருக்கிறான். அதற்குப் பிறகு தினமும் மேப்பை மட்டும் பார்த்து, எந்தப் பக்கத்துக்குத் தேதி மாறியிருக்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். எங்கிருந்து வந்தான் என்கிற இடத்தில் எல்லா வரியிலும் ஒரு சின்னக் கோடு. இணைப்பைத் தொட்டு வந்தவன் இல்லை என்று அர்த்தம்.

இன்று காலை நாலு பத்துக்கு அவன் எடுத்தது ஒரே ஒரு பக்கம். ஆறு மணிக்குக் கரையில் நின்றிருக்கிறான்.

முதல் நாள் எது என்று தேடினாள். அவள் பொத்தானை எடுத்ததற்கு மறுநாள்.

"இன்னாம்மா, பேயடிச்ச மாதிரி கீற?" என்றார் மோகன்குமார், டீயை ஊதிக்கொண்டே.

"அண்ணா, எளாவூர் சைட்ட யாரோ மேப் வழியா எடுக்கறாங்க. பாருங்க."

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, "பாத்துட்டேன். பாக்கலன்னு வெச்சுக்கோ" என்றார். "மாசா மாசம் பதினஞ்சாம் தேதியானா கரெக்டா துட்டு வர்ற பார்ட்டி. இந்த மாடி வாடகையே அதுலதான் போவுது."

"எங்க நைனா பேரு கீதுண்ணா."

மோகன்குமார் அவளைத் திரும்பிப் பார்க்காமல், "அப்போ நீயே போயி பேசு" என்றார்.

எளாவூர் பிராஞ்சில் மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம், வசூல் பையன்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். ஜெகதீஸ்வரன் மெதுவாகப் பேசும் மனிதர். நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். மோர் வரவழைத்தார். ராஜவேலு தன் நைனா என்று சொல்லி, அவள் போனில் பதிவேட்டைக் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார்.

"தெரிஞ்சதுதாம்மா" என்றார்.

அவள் எதிர்பார்த்தது வேறு. ஐயையோ என்பார், உடனே எடு என்பார் என்று நினைத்திருந்தாள்.

"நான் யாருக்கும் பட்டியல் குடுக்கல. குடுத்தா தப்பு, உள்ள தூக்கி வெச்சிடுவாங்க. மேப்பு ஊருக்கே தெறந்து கெடக்குது. எவனோ படிச்சான். அதுக்கு நான் இன்னா பண்றது?" மோரை அவள் பக்கம் நகர்த்தினார். "வாராக்கடன் அடையுது. எனக்கும் நல்லது, மேல இருக்கறவங்களுக்கும் நல்லது. படகுக்காரனுக்கும் தலைச்சுமை எறங்குது."

"வூடு போவுது சார்."

"வூட்ட எழுதிக் குடுன்னு நான் சொன்னேனா?"

"நான் அந்த மேப்ப எடுத்துட்டா?"

"எடு. இன்னிக்கி வரைக்கும் எடுத்தது அவங்கிட்ட கீது. அத எப்பிடி எடுப்ப?" அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். சைட்டை ஒப்படைத்தபோது போட்ட தாள். கீழே அவள் கையெழுத்து. "அந்தப் பக்கத்தயெல்லாம் கட்டுனது யாரு, மேப்புல போட்ட ப்ரோகிராம் எழுதுனது யாரு, எல்லாம் இதுல கீது. நாளைக்கி போலீசு கீலீசுன்னு போனா, என் பேரு இதுல ஒரு எடத்துலயும் இல்ல. மேப்ப தொடாதேன்னு நான் சொன்னது போன்ல."

அவள் தாளைப் பார்த்தாள். கையெழுத்துக்கு அடியில் ஒரு பூ போட்டிருந்தாள். முதல் பெரிய வேலை என்ற சந்தோஷத்தில் போட்டது.

"ராஜவேலு உங்க நைனான்னு எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அந்தப் பக்கத்த முன்னாடியே எடுத்திருப்பேன், சத்தியமா." அவர் குரலில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குக் கூடுதல் பயமாக இருந்தது. "வசூலிக்க முடியாததுன்னு வருஷத்துக்கு நாலஞ்சு கணக்கு எழுதித் தள்ளலாம், எனக்கு அந்த அதிகாரம் கீது. உங்க நைனா கணக்க தள்ளிடறேன். அவரு பக்கத்த நீயே இன்னிக்கி எடுத்துடு, மேப்புலயும் அந்த ஒரு வரிய எடுத்துடு. திங்கக்கிழமை காலையில கணக்கு மூடிடும், உங்க நைனா போனுக்கு மெசேஜ் வரும். நான் சொல்லிட்டன்னா அந்த ஆளும் உங்க வூட்டுப் பக்கம் வரமாட்டான்."

"மத்தவங்க?"

"மத்தவங்கள்ளாம் உனக்கு யாரு?"

அந்த நூற்றுப் பன்னிரண்டு பேரில் அர்ஜுனனும் ஒருத்தன். அவனுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு அவள்தான் பத்திரிகை அடித்துக் கொடுத்தாள்.

"வெளிய ஒரு வார்த்த போச்சுன்னா, தள்ளுபடின்னு எழுதுனத அழிக்க எனக்கு அஞ்சு நிமிஷம்" என்றார் ஜெகதீஸ்வரன். "மோர குடிம்மா. வெயில்ல வந்திருக்க."

அவள் குடித்தாள்.

சாயந்திரம் மாடியில் தனியாக உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தாள். நைனாவின் பக்கத்தை அழித்து, அந்த முகவரியைக் கேட்பவருக்கு இந்தப் பக்கம் நிரந்தரமாக இல்லை என்ற பதில் போகும்படி வைத்தாள். மேப்பில் எண்பத்தொன்பதாவது வரியை எடுத்தாள். கீழே இருந்தவை எல்லாம் ஒரு படி மேலே ஏறின. எண்ணிக்கை நூற்று இருபத்தாறு. முழுதாக ஒரு நிமிஷம் விரல் கீபோர்டு மேல் இருந்தது. நூற்றுப் பன்னிரண்டையும் சேர்த்து எடுக்க இரண்டு வரி எழுதினால் போதும். பக்கங்களுக்குக் கடவுச்சொல் போட இன்னும் நாலு வரி. விரலை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. காலை நாஷ்டா முடித்து போனில் பதிவேட்டைத் திறந்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். நாலு பத்துக்கு அவன் வந்திருந்தான். மேப்பைப் படித்திருந்தான். நைனாவின் முகவரியைக் கேட்கவே இல்லை. வேறு ஒரு பக்கம்தான் முந்தின சாயந்திரம் மாறியிருந்தது. அதை எடுத்துப் போயிருந்தான்.

ஆறாவது வரி. அர்ஜுனனுடையது.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். வெளியே அர்ஜுனன் வலையை உதறிக்கொண்டு, "இன்னா வைசு, இன்னிக்கு லீவா? வந்து ரெண்டு கண்ணி பின்னிட்டுப் போ, கூலி தர்றேன்" என்று கத்தினான். வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

இரவு சோறு போடும்போது ராஜவேலுவிடம் சொன்னாள். "அந்தக் கணக்க தள்ளுபடி பண்ணிட்டாங்க நைனா. நாளைக்கி மெசேஜ் வரும். யார்கிட்டயும் சொல்லாத."

ராஜவேலு சோற்றில் கை வைத்தபடி இருந்தார். "இன்னாத்துக்கு தள்ளுனாங்க?"

"சைட்டு வேல செஞ்சது நாந்தான. அதனால."

"துட்டுக்காரன் சும்மா தள்ள மாட்டான்மா."

"நீ சாப்புடு."

பச்சையம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ராஜவேலு பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை வைஷ்ணவி வேலைக்குப் போகும் முன்னால் கரைக்குப் போனாள். போக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஏரி தகடு மாதிரி அசையாமல் கிடந்தது. படகுகள் வந்துகொண்டிருந்தன. நைனா வலையை இறக்கிக்கொண்டிருந்தார்.

பைக் சத்தம் கேட்டது. வெள்ளைச் சட்டைக்காரன் மணலில் நடந்து வந்தான். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை, உள்ளே பத்திரத் தாள். ராஜவேலுவை அவன் பார்த்தான். சனிக்கிழமை தனியாகக் கூட்டிப்போய் அரைமணி பேசிய ஆள் என்கிற அடையாளம் ஒன்றும் முகத்தில் இல்லை. ஒரு கட்டையைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டுத் தாண்டிப் போனான்.

"அர்ஜுனன் யாருங்க?"

"ரெண்டாம் நம்பரு முடிஞ்சு எனக்கு வந்துட்டியா?" என்று அர்ஜுனன் சிரித்தான். "நான் இன்னா நம்பருபா?"

"உங்களுக்கு நம்பர் இல்ல தம்பி. ஊர்ல ஒரே அர்ஜுனன்தான்."

அவன் அர்ஜுனனின் படகு விளிம்பில் உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்தினான். அர்ஜுனனின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது. "அறுபத்தோராயிரம் இல்லீங்களே... அறுபதாயிரம்தான..." என்று ஒரு தடவை அவன் குரல் உயர்ந்து கேட்டது. பிறகு கேட்கவில்லை.

ராஜவேலு வலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். அர்ஜுனனைப் பார்த்தார். வெள்ளைச் சட்டைக்காரனைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். அவள் கண்ணை ஏரிப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உனக்குத் தெரியும்" என்றார். கேள்வி இல்லை அது.

"வாயத் தொறந்தா நம்ம கடன் திரும்பி வந்துடும் நைனா."

அவர் ஒரு அடி அந்தப் படகுப் பக்கம் வைத்தார். நீளக்கால், நாலு அடியில் போய்ச் சேர்ந்துவிடலாம். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நின்றார். ஈரக் கையைச் சட்டையில் துடைத்து போனை எடுத்தார். முதியோர் வகுப்பில் உட்கார்ந்து ஐம்பது வயசுக்கு மேல் படித்த எழுத்து. உதடு அசைய ஒவ்வொன்றாகக் கூட்டினார். பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"சரியாத்தான் படிச்சனா பாரு."

வைஷ்ணவி படித்தாள். "உங்கள் கடன் கணக்கு தள்ளுபடி செய்யப்பட்டு மூடப்பட்டது. பாக்கி பூஜ்யம்."

அந்தப் பக்கம் அர்ஜுனன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினான். ராஜவேலு போனைப் பைக்குள் வைத்துவிட்டு, குனிந்து, வலையில் சிக்கியிருந்த குப்பையைப் பொறுக்க ஆரம்பித்தார்.